டிராபேக் வருமானமா, செலவுக் குறைப்பா? இந்தியக் கணக்கேடுகளில் ஏற்றுமதி ஊக்கத்தொகையின் வரலாறு

ஏற்றுமதியாளர் ஒருவருக்குச் சுங்கத்துறையிலிருந்து டிராபேக் தொகை வரும்போது அதை இரண்டு விதமாக எழுதலாம். விற்பனைக்கு அடுத்த வரியில் தனி வருமானமாகக் காட்டலாம். அல்லது மூலப்பொருள் செலவிலிருந்து கழித்துவிடலாம். எப்படி எழுதினாலும் நிகர இலாபம் ஒன்றே. ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து பிறந்தது என்ற கேள்விக்கு இரண்டு பதிவுகளும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. முதல் பதிவு, அரசு ஏற்றுமதிக்காகக் கொடுத்த பணம் என்கிறது. இரண்டாவது, முன்பே கட்டிய வரி திரும்பி வந்தது என்கிறது. இந்தியாவில் இந்த வேறுபாடு பல ஆண்டுகள் வருமான வரி வழக்குகளாக நீண்டு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. டிராபேக் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற முறை காலப்போக்கில் மாறியதே இந்தச் சிக்கலுக்கு அடிப்படை. அந்த மாற்றத்தையும், கணக்கியல் தரநிலைகளும் நீதிமன்றங்களும் அதற்குச் சொன்ன பதில்களையும் இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

1. பொருளைத் தொடர்ந்த வரி

1878ஆம் ஆண்டின் கடல்சுங்கச் சட்டத்தில் டிராபேக் மிக எளிய ஏற்பாடாக இருந்தது. வரி கட்டி இறக்குமதி செய்த பொருள், அதே பொருள்தான் என்று அடையாளம் காட்டக்கூடிய நிலையில் மறுபடி கப்பலேறினால், கட்டிய வரியில் எட்டில் ஏழு பங்கு திரும்பக் கிடைக்கும். பொருளும் ஒன்று, வரியும் ஒன்று. திரும்பி வரும் தொகை அந்த வரியின் ஒரு பகுதி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இத்தகைய டிராபேக்கைக் கொள்முதல் செலவிலிருந்து கழிப்பதே இயல்பான பதிவு.

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இந்த ஏற்பாட்டை 74ஆவது பிரிவில் தொடர்ந்தது. திரும்பக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு 98 ஆயிற்று. அதற்கு அடுத்த 75ஆவது பிரிவு வேறு வகையைச் சேர்ந்தது. இறக்குமதியான மூலப்பொருளைக் கொண்டு இந்தியாவில் செய்த புதிய பொருள் ஏற்றுமதியாகும்போது, மூலப்பொருள் சுமந்த வரியை அது திருப்பித் தந்தது. 1971ஆம் ஆண்டின் டிராபேக் விதிகளில் சுங்க வரியும் மத்திய கலால் வரியும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கின.

இங்கேதான் கணக்கிடும் முறை மாறியது. ஒரு சட்டைக்குள் எந்தச் சாயம், எந்தப் பொத்தான், எந்த வரி சென்றது என்று சரக்கு சரக்காகப் பின்தொடர முடியாது. எனவே அரசு ஒவ்வொரு பொருள் வகைக்கும் தொழில்துறை முழுவதற்குமான சராசரி வரிச்சுமையைக் கணித்து, எஃப்.ஓ.பி. மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று ஒரு விகிதத்தை அறிவித்தது. இது அனைத்துத் தொழில் விகிதம் எனப்படுகிறது. இதன்படி உள்நாட்டு மூலப்பொருளை மட்டும் பயன்படுத்தியவருக்கும் இறக்குமதியை நம்பியவருக்கும் ஒரே விகிதமே கிடைக்கும். சராசரி தமக்குப் போதாது என்று கருதுபவர் தம் உண்மையான வரிச்சுமையை ஆவணங்களால் காட்டி பிராண்டு விகிதம் கோரலாம். அனைத்துத் தொழில் விகிதம் உண்மையான வரியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் குறைவாக இருந்தால் இந்த வழி திறக்கும்.

ஆக, டிராபேக் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகைத் தொகைகள் சேர்ந்தன: அதே பொருளின் வரி, நிரூபித்த வரி, சராசரி வரி. மூன்றாவது வகையில், திரும்பி வரும் ரூபாய்க்கும் நிறுவனம் உண்மையில் கட்டிய ரூபாய்க்கும் நேரடித் தொடர்பு அறுந்துவிட்டது. நடைமுறையில் பெரும்பாலான ஏற்றுமதியாளர்கள் பெறுவது இந்த மூன்றாவது வகையைத்தான்.

2. ரொக்க உதவியும் 1990ஆம் ஆண்டுத் திருத்தமும்

டிராபேக்கோடு வேறு ஊக்கத்தொகைகளும் வந்து சேர்ந்தன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபின் ஏற்றுமதிக்கு ரொக்க உதவி தரும் ஏற்பாடு தொடங்கியது. பிற்காலத்தில் இது ரொக்க ஈட்டு ஆதரவு என்று அறியப்பட்டது. ஏற்றுமதி செய்தவருக்கு இறக்குமதி உரிமமும் கிடைத்தது. அந்த உரிமத்தைச் சந்தையில் கூடுதல் விலைக்கு விற்க முடிந்ததால் அதுவும் பணமாயிற்று.

இவை வருமானமே அல்ல என்ற வாதம் வெகுதூரம் சென்றது. 1988இல் கெடோர் டூல்ஸ் நிறுவனத்தின் வழக்கில், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் டெல்லி சிறப்பு அமர்வு, ரொக்க ஈட்டு ஆதரவு மூலதனத் தன்மையுள்ள வரவு, அதற்கு வரி இல்லை என்று கூறியது. அரசு அதற்குச் சட்டத் திருத்தத்தால் பதில் சொன்னது. 1990ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 28ஆவது பிரிவில் மூன்று உட்கூறுகளை முன்தேதியிட்டுச் சேர்த்தது. இறக்குமதி உரிமத்தை விற்ற இலாபம் 1962 ஏப்ரல் முதலும், ரொக்க உதவி 1967 ஏப்ரல் முதலும், டிராபேக் 1972 ஏப்ரல் முதலும் தொழில் வருமானம் ஆயின.

இத்திருத்தம் ஒரு கேள்வியை முடித்து இன்னொன்றைத் திறந்தது. டிராபேக்குக்கு வரி உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் சட்டம் அதைத் தனியொரு வருமான வகையாகப் பெயரிட்டு எழுதிவிட்டதால், அது உற்பத்திச் செலவின் குறைவே என்று பின்னாளில் வாதிட்டவர்களுக்கு இந்த உட்கூறே தடையாக நின்றது.

3. தரநிலைகளின் இரு குரல்கள்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட தரநிலைகள் இதே விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2, 1999இல் திருத்தப்பட்ட வடிவில், கொள்முதல் செலவைக் கணக்கிடும்போது வணிகத் தள்ளுபடி, விலைக்கழிவு இவற்றோடு டிராபேக்கையும் கழிக்க வேண்டும் என்றது. அரசு மானியங்களுக்கான தரநிலை 12, மானியம், ரொக்க ஊக்கம், டிராபேக் ஆகியவை அரசு உதவித்தொகையின் மாற்றுப் பெயர்களே என்று தொடங்கி, வருவாய் சார்ந்த உதவித்தொகையைப் பிற வருமானமாகத் தனியே காட்டவும், தொடர்புடைய செலவிலிருந்து கழிக்கவும் இடம் தந்தது. வருவாயை எப்போது பதிவது என்று கூறும் தரநிலை 9, ஏற்றுமதி ஊக்கத்தொகை போன்ற கோரிக்கைகளில் வசூலாகும் உறுதி இல்லையெனில் அந்த அளவுக்குப் பதிவைத் தள்ளிவைக்கச் சொன்னது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேறுபாட்டின் காரணம் தெரியும். தரநிலை 2 பார்ப்பது, குறிப்பிட்ட கொள்முதலின் வரி திரும்பி வரும் நிலையை. தரநிலை 12 பார்ப்பது, அரசுத் திட்டத்தின்கீழ் நிபந்தனையோடு வரும் பணத்தை. முதலாவது 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய டிராபேக்குக்குப் பொருந்துகிறது. இரண்டாவது சராசரி விகித டிராபேக்குக்கு.

தரநிலை 2இன் சொற்களை அப்படியே பின்பற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. டிராபேக் உரிமை பிறப்பது ஏற்றுமதியால்தான். சுங்க அதிகாரி சரக்கை ஏற்ற அனுமதிக்கும் ‘லெட் எக்ஸ்போர்ட்’ உத்தரவு வரும்வரை அந்த உரிமை இல்லை. ஆண்டு முடிவில் கிடங்கில் இருக்கும் நூலுக்கும் துணிக்கும், இனிமேல் கிடைக்கக்கூடிய டிராபேக்கைக் கழித்து மதிப்பிட்டால், நடக்காத ஏற்றுமதியின் பலனை இருப்பிலேயே கணக்கிட்டதாகும். இருப்பு குறைத்து மதிப்பிடப்படும். அந்த ஆண்டின் இலாபமும் அதே அளவு குறையும். ஆண்டு முழுவதற்குமான டிராபேக்கை மொத்தக் கொள்முதலில் கழித்துவிட்டு, அந்தக் குறைந்த சராசரி விலையிலேயே இறுதி இருப்பை மதிப்பிடும் கணக்கேடுகளில் இந்தத் தவறு ஓசையின்றி நுழைகிறது. இருப்பு மதிப்பீட்டில் பயன்படுத்திய ஓர் அலகின் விலையை விற்பனையாளரின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

4. ‘பெறப்பட்ட இலாபம்’ என்ற தேர்வு

பதிவு முறைக்குப் பண மதிப்பைத் தந்தவை வருமான வரிச் சட்டத்தின் தொழில் சலுகைப் பிரிவுகள். 80-எச்எச், 80-ஐபி போன்றவை, தொழில் நிறுவனத்திலிருந்து பெறப்பட்ட இலாபத்தில் ஒரு பங்குக்கு வரிவிலக்கு தந்தன. டிராபேக் அந்த இலாபத்துக்குள் அடங்குமா என்பதே வழக்கு.

1978இல் கேம்பே மின்வழங்கல் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தொழிலைச் ‘சார்ந்த’ இலாபம் என்பது அதிலிருந்து ‘பெறப்பட்ட’ இலாபம் என்பதைவிட விரிந்தது என்று விளக்கியிருந்தது. 1999இல் இறால் முதலிய கடலுணவை ஏற்றுமதி செய்த ஸ்டெர்லிங் ஃபுட்ஸ் நிறுவனம், இறக்குமதி உரிமையை விற்ற இலாபத்துக்கு 80-எச்எச் சலுகை கோரியபோது, குறுகிய பொருளே எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த உரிமையின் பிறப்பிடம் அரசின் ஏற்றுமதி ஊக்கத் திட்டம், தொழிற்சாலை அல்ல என்றது நீதிமன்றம். 2003இல் மதுரையின் பாண்டியன் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் வழக்கிலும் இதே அளவுகோல்தான். தொழிற்சாலைக்கு மின்சாரம் பெறத் தமிழ்நாடு மின்வாரியத்திடம் கட்டிய வைப்புத்தொகையின் வட்டிகூட, தொழிலிலிருந்து நேராகப் பெறப்பட்டதாகாது என்று தீர்ப்பு வந்தது.

இந்த நிலையில் ஏற்றுமதியாளர்கள் வாதத்தை மாற்றினர். டிராபேக்கை வருமானமாகப் பார்த்தால் அதன் பிறப்பிடம் அரசுத் திட்டமாகிவிடுகிறது. செலவுக் குறைப்பாகப் பார்த்தால் பிறப்பிடம் என்ற கேள்வியே எழாது. செலவு குறைந்ததால் தொழிற்சாலையின் இலாபம் கூடியது என்று முடிந்துவிடும். தரநிலை 2 இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது.

நூலிலிருந்து துணியும், தலையணை உறை போன்ற பொருட்களும் தயாரித்த லிபர்டி இந்தியா நிறுவனத்தின் வழக்கில் 2009 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை நேராக எடுத்து ஆராய்ந்து நிராகரித்தது. டிராபேக்கும், ‘டெப்’ எனப்படும் வரிச்சலுகைப் புத்தகத் திட்டத்தின் வரவும், சுங்கச் சட்டத்தின் 75ஆவது பிரிவிலிருந்தும் மத்திய அரசின் திட்டத்திலிருந்தும் பிறப்பவை. அவை தொழில் நடத்துவதால் வரும் இலாபம் அல்ல, ஊக்கத்தால் வரும் இலாபம். ஆகவே சலுகையைக் கணக்கிட அவற்றைக் கொள்முதல் செலவிலோ உற்பத்திச் செலவிலோ வரவு வைக்காமல் தனி வருமானமாகவே கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

5. ஒரு கணக்கு

தீர்ப்பின் விளைவைக் காண, எண்களை எளிதாக வைத்து ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பின்னலாடை நிறுவனம் ஓராண்டில் 10 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறது. நூல், சாயம், கூலி உட்பட மொத்தச் செலவு 9 கோடியே 20 இலட்சம். டிராபேக் 2 விழுக்காடு, அதாவது 20 இலட்சம்.

தனி வருமானமாகக் காட்டினால் மொத்த வருவாய் 10 கோடியே 20 இலட்சம், செலவு 9 கோடியே 20 இலட்சம், இலாபம் 1 கோடி. செலவில் கழித்தால் வருவாய் 10 கோடி, செலவு 9 கோடி, இலாபம் அதே 1 கோடி. இலாப விகிதம் முதல் முறையில் ஏறத்தாழ 9.8 விழுக்காடு, இரண்டாவதில் 10 விழுக்காடு. வங்கி அதிகாரி இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது, பதிவு முறை வேறாக இருந்தால் இந்தச் சிறிய இடைவெளியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மற்றபடி பெரிய மாற்றம் இல்லை.

இலாபத்தில் 30 விழுக்காட்டுக்கு வரிச்சலுகை என்று கொண்டால் நிலை வேறு. டிராபேக்கைச் செலவுக் குறைப்பாகக் கருதினால் 1 கோடியில் 30 இலட்சம் சலுகை. லிபர்டி தீர்ப்பின்படி 20 இலட்சத்தை விலக்கி, 80 இலட்சத்தில் 24 இலட்சம்தான். செலவு 10 கோடியே 10 இலட்சமாக இருந்திருந்தால் தாக்கம் இன்னும் கூர்மையானது. டிராபேக்கைச் சேர்த்தால் நிறுவனத்துக்கு 10 இலட்சம் இலாபம். ஆனால் தொழிற்சாலையின் கணக்கில் 10 இலட்சம் நட்டம். சலுகை முற்றிலும் போய்விடும். குறைந்த இலாபத்தில், டிராபேக்கையும் சேர்த்தே விலை சொல்லி ஆர்டர் பிடிக்கும் ஏற்றுமதியாளர்களையே இந்தத் தீர்ப்பு அதிகமாகத் தொட்டது.

அன்றாடப் பதிவில், லெட் எக்ஸ்போர்ட் உத்தரவு கிடைத்ததும் ‘டிராபேக் பெறத்தக்கது’ கணக்கில் பற்றும் ‘டிராபேக் வருமானம்’ கணக்கில் வரவும் எழுதப்படும். வங்கியில் பணம் சேர்ந்ததும் பெறத்தக்கது தீர்க்கப்படும். மார்ச் இறுதியில் கப்பலேறிய சரக்கின் டிராபேக் ஏப்ரலில் வந்தாலும் அது மார்ச் முடிந்த ஆண்டைச் சேர்ந்தது. ஏற்றுமதிப் பணம் உரிய காலத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வந்து சேராவிட்டால் டிராபேக்கைச் சுங்கத்துறை திரும்பக் கேட்கும். மேற்கண்ட நிறுவனத்துக்கு 50 இலட்சம் ரூபாய் வாங்குபவரிடம் சிக்கிக்கொண்டால், அதற்குரிய 1 இலட்சம் டிராபேக்குக்கு ஒதுக்கீடு எழுத வேண்டும். செலவில் கழித்து எழுதும் கணக்குகளில் இந்தத் தொடர்பைத் தேடிப் பிடிப்பது கடினம். தனிக் கணக்கில் வைத்தால் ஷிப்பிங் பில்லையும் டிராபேக்கையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

6. 2016க்குப் பின்

லிபர்டி தீர்ப்பு எல்லா அரசுத் தொகைக்கும் பொருந்துமா என்ற கேள்வி 2016இல் மேகாலயா ஸ்டீல்ஸ் வழக்கில் வந்தது. போக்குவரத்து மானியமும் மின்மானியமும் உற்பத்திக்கு உண்மையில் ஆன செலவை முழுமையாகவோ பகுதியாகவோ ஈடுசெய்பவை. ஆகவே அவை தொழிலின் இலாபத்தைச் சேர்ந்தவை என்றது உச்ச நீதிமன்றம். டெப் வரவை அது வேறுபடுத்திக் காட்டியது. உற்பத்தி முடிந்தபின் ஏற்றுமதி செய்தால்தான் அந்த உரிமை வரும். ஏற்றுமதி இல்லையேல் உரிமையும் இல்லை. எனவே அதற்கும் உற்பத்திக்கும் உள்ள உறவு நேரடியானது அல்ல. 2023இல் சராஃப் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் நீதிமன்றம் லிபர்டி நிலைப்பாட்டையே மீண்டும் உறுதிசெய்தது.

லிபர்டி, மேகாலயா ஸ்டீல்ஸ் தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகிறது. அரசு தரும் தொகை ஒரு குறிப்பிட்ட செலவை ஈடுசெய்கிறதா, அல்லது ஒரு செயலுக்காகத் தரப்படுகிறதா என்பதே அது. ஆனால் இந்த அளவுகோலின்படி, நிரூபித்த வரியைத் திருப்பித் தரும் பிராண்டு விகித டிராபேக் ஈட்டுத்தொகைக்கு மிக அருகில் இருக்கிறது. சராசரி விகிதம் விலகி நிற்கிறது. நீதிமன்றம் இரண்டையும் பிரிக்காமல், ஏற்றுமதி என்ற நிபந்தனையை வைத்து ஒன்றாகவே நடத்தியது. கணக்கியல் நோக்கில் இந்தப் பிரிவினைக்கு இன்னும் இடம் உண்டு.

எந்த ஆண்டின் வருமானம் என்ற கேள்வியும் இதே காலத்தில் தீர்ந்தது. 2013இல் எக்செல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், முன்னுரிமமும் டெப் வரவும் வெறும் உரிமையாக இருக்கும்வரை வருமானமல்ல, அவற்றைக் கொண்டு இறக்குமதி செய்யும் ஆண்டில்தான் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 145-பி பிரிவைச் சேர்த்து, ஏற்றுமதி ஊக்கத்தொகை வசூலாகும் என்று நியாயமான உறுதி கிடைத்த ஆண்டிலேயே வருமானம் என்று ஆக்கியது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் டிராபேக்கின் உள்ளடக்கமும் சுருங்கியது. மூலப்பொருள்மேல் கட்டிய ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரிவரவாகவோ திருப்பித்தரலாகவோ தனியே கிடைப்பதால் அது செலவில் நுழைவதே இல்லை, வருமானமாகவும் ஆவதில்லை. டிராபேக்கில் பெரும்பாலும் சுங்க வரி மட்டுமே எஞ்சியது. 2019 அக்டோபரில் உலக வணிக அமைப்பின் தீர்வுக்குழு இந்தியாவின் சில ஏற்றுமதித் திட்டங்கள் தடைசெய்யப்பட்ட மானியங்கள் என்று முடிவுசெய்தது. அவற்றுள் ஒன்றான சரக்கு ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தின் இடத்தில், 2021 ஜனவரியிலிருந்து, வேறு வழியில் திரும்பாத வரிகளைத் திருப்பித் தரும் ‘ரோட்டெப்’ வந்தது. நோக்கத்தில் இது வரித் திருப்பம். கணக்கீட்டில் இதுவும் சராசரி விகிதமே. ஆகவே பழைய கேள்வி இங்கும் அப்படியே எழுகிறது. இது பணமாக அன்றி, விற்கக்கூடிய மின்னணுப் பத்திரமாக வருவதால், முகமதிப்புக்குக் குறைவாக விற்க நேர்ந்தால் அந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2016 முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த இந்த்-ஏஎஸ் 20, தனி வருமானம், செலவில் கழிவு என்ற இரண்டு வழிகளையும் அனுமதிக்கிறது. சரக்கிருப்புக்கான இந்த்-ஏஎஸ் 2, கொள்முதல் விலையில் கழிக்க வேண்டியவற்றுள் டிராபேக் என்ற பெயரைச் சொல்லவில்லை. பழைய தரநிலையில் முரண்பாட்டை வளர்த்த சொல் அங்கே இல்லை. பல ஏற்றுமதி நிறுவனங்கள் இத்தொகையை விற்பனைக்குக் கீழே ‘பிற இயக்க வருவாய்’ என்ற தலைப்பில் காட்டுகின்றன.

வரலாறு காட்டும் நிலை இது: அதே பொருளின் வரி திரும்பும்போது செலவில் கழிப்பது பொருளுக்கு ஏற்ற பதிவு, நிரூபித்த வரியைத் தரும் பிராண்டு விகிதத்துக்கும் அந்தப் பதிவுக்கு வலுவான காரணம் உண்டு, சராசரி விகித டிராபேக்கும் ரோட்டெப்பும் தனி வருமானமாக நிற்பதே தெளிவு. எந்த முறையைத் தேர்ந்தாலும் அதை ஆண்டுதோறும் மாற்றாமல் பின்பற்றி, கணக்குக் குறிப்பில் தொகையோடு வெளிப்படுத்த வேண்டும். வரிச்சலுகையோ அந்தத் தேர்வைப் பொறுத்தது அல்ல. செலவில் கழித்து எழுதிய டிராபேக்கையும் வரிக்கணக்கில் வெளியே எடுத்துத் தனி வருமானமாகவே நிறுத்த வேண்டியிருக்கும்.